மூன்றரை வாய்ப்பாடு: வியட்நாம் கடைத்தெருவில் விலையை மனசுக்குள்ளேயே ரூபாயாக்குவது எப்படி?

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்தாக்கம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன அத்தியாயத்தில் வியட்நாம் விசா, விமான டிக்கெட் பற்றிப் பேசினோம். அதற்கு வந்த குரல் செய்திகளில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான்: "அங்கே போய் விலையைப் பார்த்தா தலை சுத்துமாமே, ஒரு காபிக்கு முப்பதாயிரம்னு சொல்றாங்களே, எப்படிக் கணக்குப் போடறது?"

போனில் செயலி இருக்கிறதே, அதைத் தட்டினால் போச்சு என்று தோன்றும். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து டிக்கெட் போடும்போது அது சரி. கடைத்தெருவில் சரிப்படாது. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது விலை கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் போனை எடுத்துப் பூட்டைத் திறந்து எண்ணைத் தட்ட முடியாது. ஹோ சி மின் நகரத்தில் ரோட்டோரமாக நின்று போனைக் கையில் நீட்டிப் பிடிக்காதீர்கள், பைக்கில் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று உள்ளூர்க்காரர்களே எச்சரிப்பார்கள். இன்னொன்று, பேரம் பேசும்போது நீங்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தால், இவருக்கு விலை நிலவரம் தெரியாது என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

அதனால் இன்றைக்கு வியட்நாம் டாங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இது பிடிபட்டால் பாத், சிங்கப்பூர் டாலர் எல்லாம் ரொம்பச் சுலபம். கடைசியில் அதையும் தொட்டுவிட்டுப் போகிறேன்.

செயலி சொல்கிற விலை உங்கள் விலை இல்லை

பெரும்பாலான பேர் ஆரம்பிக்கிற இடமே தப்பு. செயலியைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு ரூபாய்க்கு 300 டாங் என்று இருக்கும். (இன்றைய பேச்சுக்கு நான் இந்த விலையை வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்கிற நாளில் கொஞ்சம் மாறியிருக்கும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதாவது 1,000 டாங்குக்கு 3 ரூபாய் 33 காசு. சரி, மூன்றால் பெருக்கிக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுவார்கள்.

செயலி காட்டுவது சந்தையின் நடு விலை. வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் இடையில் இருக்கிற ஓர் எண். அந்த விலைக்கு உங்களுக்கோ எனக்கோ யாரும் டாங் தரப்போவதில்லை. பணம் நம் கைக்கு எந்த வழியாக வருகிறது என்று பார்த்தால்தான் நம்முடைய விலை தெரியும்.

முதல் வழி ரொக்கம். இங்கே ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்குகிறோம், அங்கே போய் டாலரைக் கொடுத்து டாங் வாங்குகிறோம். இரண்டு இடத்திலும் நாணய மாற்றுக்காரருக்கு ஒரு லாபம் உண்டு. ஓர் உதாரணக் கணக்கு. அன்றைக்குச் செயலியில் டாலர் 86 ரூபாய். நீங்கள் வாங்குவது 88 ரூபாய்க்கு. 300 டாலருக்கு 26,400 ரூபாய் கொடுத்தீர்கள். அங்கே செயலியில் ஒரு டாலருக்கு 25,800 டாங், உங்களுக்குக் கிடைப்பது 25,500. 300 டாலருக்கு 76 லட்சத்து 50 ஆயிரம் டாங் கைக்கு வருகிறது. இப்போது நடுவில் இருக்கிற டாலரை மறந்துவிடுங்கள். கொடுத்தது 26,400 ரூபாய், வந்தது 7,650 ஆயிரம் டாங். வகுத்துப் பார்த்தால் ஆயிரம் டாங்குக்கு 3 ரூபாய் 45 காசு.

இரண்டாவது வழி கார்டு. வெளிநாட்டுச் செலவுக்குப் பல இந்திய கார்டுகளில் மூன்றரை சதவீதம் கட்டணம் போடுவார்கள். அந்தக் கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 4.13 சதவீதம். 3 ரூபாய் 33 காசில் நாலு சதவீதம் ஏற்றினால் 3 ரூபாய் 47 காசு. கட்டணமே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. உங்களுடையது எது என்று கிளம்புவதற்கு முன்னாடி வங்கியின் கட்டணப் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

இப்போது கவனியுங்கள். ரொக்கமாகக் கொடுத்தாலும் கார்டைத் தேய்த்தாலும், ஆயிரம் டாங் நமக்கு விழுகிற விலை மூன்றரை ரூபாயை ஒட்டித்தான் நிற்கிறது. செயலி சொன்ன 3.33 மனக்கணக்குக்கு ஒத்துவராத எண். நிஜமாக நாம் கொடுக்கிற மூன்றரையோ ரொம்ப வசதியான எண். கூடவே, அது நிஜ விலையை விட ஒரு பொடி அளவு அதிகமாக இருக்கிறது. கடையில் நின்று கணக்குப் போடும்போது தவறு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் என்று நினைத்து வாங்கியது ஊருக்கு வந்து பில் பார்க்கும்போது 985 ஆக இருந்தால் யாருக்கும் வருத்தமில்லை. எட்டு நாள் பயணத்தில் ஒவ்வொரு பொருளும் ஐந்து சதவீதம் கூடுதலாகப் போயிருந்தால், கடைசி இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு காணாமல் போயிருக்கும்.

ஆக, நமக்கு வேண்டிய சாவி ஒன்றுதான்: மூன்றரை.

பாதியாக்கு, ஏழால் பெருக்கு

மூன்றரையால் எப்படிப் பெருக்குவது? அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. கால், அரைக்கால், மாகாணி என்று பின்னத்துக்கெல்லாம் வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். நமக்கு அது கிடையாது, ஏழாம் வாய்ப்பாடு மட்டும் இருக்கிறது. அது போதும். மூன்றரை என்பது ஏழில் பாதி. அதனால் விலையைப் பாதியாக்கி, ஏழால் பெருக்கினால் ஆயிற்று.

முதலில் கடைசி மூன்று பூஜ்யத்தை வெட்டுங்கள். ஒரு சட்டை 2,40,000 டாங். பூஜ்யத்தை வெட்டினால் 240. பாதி 120. பன்னிரண்டு ஏழு எண்பத்து நாலு, 840 ரூபாய். அவ்வளவுதான்.

ஒரு காபிப் பொட்டலம் 1,87,000. மூன்று பூஜ்யம் போனால் 187. இந்த ஏழை வைத்துக்கொண்டு மல்லாட வேண்டாம். மேலே இருக்கிற இரட்டைப் பத்துக்கு, அதாவது 200க்குத் தள்ளினால் கொஞ்சம் அதிகம். 190 என்று வையுங்கள். பாதி 95. 95 ஏழு 665. "அறுநூத்தி அறுபது, எழுபது ரூபாய்" என்று மனசில் பதிந்தால் போதும். நிஜத்தில் 187ஐ மூன்றரையால் பெருக்கினால் 654 ரூபாய் 50 காசு. பத்து ரூபாய் வித்தியாசத்துக்காகக் கடையில் நின்று யோசிப்பதை விட, அந்தப் பொட்டலம் முழுக் கொட்டையா பொடியா என்று பார்ப்பது உபயோகம்.

ஏழாம் வாய்ப்பாடே தகராறு என்பவர்களுக்கு வேறு வழி: மூன்று மடங்கு எடுத்து அதோடு பாதியைச் சேருங்கள். 150 என்றால் 450, அதோடு 75, மொத்தம் 525. எது வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் ஒரு முறை, அடுத்த கடையில் இன்னொன்று என்று மாற்றினால் கூட்டத்தில் குழம்பும்.

இதைவிடச் சுலபமாக நான் செய்வது, பர்ஸில் இருக்கிற நோட்டுகளுக்கே ரூபாய்ப் பெயர் வைத்துவிடுவது. முதல் நாள் ராத்திரி அறையில் உட்கார்ந்து நோட்டுகளைக் கட்டிலில் பரப்புவேன். பத்தாயிரம், முப்பத்தைந்து ரூபாய். இருபதாயிரம், எழுபது. ஐம்பதாயிரம், நூற்றெழுபத்தைந்து. ஒரு லட்சம், முந்நூற்றைம்பது. இரண்டு லட்சம், எழுநூறு. ஐந்து லட்சம், ஆயிரத்து எழுநூற்றைம்பது. இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும். அதற்கப்புறம் பாதி நேரம் பெருக்கலே தேவைப்படாது. இரண்டு லட்சம் நோட்டும் ஒரு இருபதாயிரமும் எடுத்துக் கொடுத்தால் எழுநூறும் எழுபதும் என்று கையே சொல்லும்.

அந்தப் பரப்பலில் இன்னொரு லாபமும் உண்டு. இருபதாயிரம் நோட்டும் ஐந்து லட்சம் நோட்டும் இரண்டுமே நீலச் சாயல். மங்கலான வெளிச்சத்தில், டாக்சியிலிருந்து இறங்கும் அவசரத்தில், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிடுவது அங்கே வருகிற பயணிகளுக்கு அடிக்கடி நடக்கிறது. எழுபது ரூபாய்க்குப் பதில் ஆயிரத்து எழுநூற்றைம்பது. நோட்டுகளை முதல் நாளே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நான் ஐந்து லட்சம் நோட்டை மட்டும் பர்ஸின் வேறு அறையில் வைத்துவிடுவேன்.

பூஜ்யத்தில்தான் ஆபத்து

பெருக்கலில் நடக்கிற பிழை ஐந்து சதவீதம், பத்து சதவீதம். பூஜ்யத்தில் நடக்கிற பிழை பத்து மடங்கு. அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எழுதுகிற முறை. நாம் ஆயிரத்துக்குக் கமா போடுவோம், பைசாவுக்குப் புள்ளி வைப்போம். வியட்நாமில் ஆயிரத்துக்குத்தான் புள்ளி. விலைச்சீட்டில் 120.000 என்று இருந்தால் அது நூற்று இருபது இல்லை, ஒரு லட்சத்து இருபதாயிரம். புள்ளியைப் பார்த்தால் ஆயிரம் என்று படிக்கக் கண்ணைப் பழக்க வேண்டும். நல்லவேளையாக அது நம் முறைக்கே வசதி. புள்ளிக்கு இடப்பக்கம் இருக்கிற எண்தான் நமக்கு வேண்டியது. 120.000 என்றால் 120ஐ மட்டும் எடு, பாதி 60, அறுபது ஏழு 420 ரூபாய்.

அடுத்தது, மூன்று பூஜ்யத்தை அவர்களே விழுங்கிவிடுவது. ரோட்டுக் கடைப் பலகையில் 45 என்று மட்டும் எழுதியிருப்பார்கள், இல்லாவிட்டால் 45 பக்கத்தில் ஆங்கில 'கே' எழுத்துப் போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் அர்த்தம் 45 ஆயிரம். சந்தைக்காரர்கள் மொழி தெரியாதவர்களிடம் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவார்கள். அதிலும் 650 என்று மட்டும் தெரியும். ஆறரை லட்சம்.

மூன்றாவது, நமக்கே உரிய சிக்கல். நம் தலை லட்சத்தில் யோசிக்கிறது, அவர்கள் மில்லியனில் சொல்கிறார்கள். 'ஒன் பாயிண்ட் டூ மில்லியன்' என்று கேட்டவுடனே அது எத்தனை லட்சம் என்று மாற்றப் போகாதீர்கள், வழியில் ஒரு பூஜ்யம் விழுந்துவிடும். மில்லியனை நேராக ரூபாய்க்குக் கொண்டுவாருங்கள்: ஒரு மில்லியன் டாங், மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதே மூன்றரைதான். 1.2 மில்லியன் என்றால் பாதி 0.6, அதை ஏழால் பெருக்கினால் 4.2, அதாவது நாலாயிரத்து இருநூறு.

இவ்வளவு கவனித்தும் சந்தேகம் வந்தால் ஒரு பரிசோதனை இருக்கிறது. தண்ணி பாட்டிலோடு ஒப்பிடுவது. ஒரு சின்னத் தண்ணி பாட்டில் சாதாரணக் கடையில் பத்தாயிரம் டாங்குக்குள்ளேயே கிடைக்கும், அதாவது முப்பத்தைந்து ரூபாய்க்குள். நீங்கள் கேட்கிற பொருள் ஊரில் எத்தனை தண்ணி பாட்டில் விலை? ஒரு சாதாரண ரோட்டுக் கடை நூடுல்ஸ் அஞ்சு, ஆறு பாட்டில் விலை இருக்கலாம், அறுபது பாட்டில் இருக்காது. ஐந்நூறு ஆயிரம் என்று யாராவது சொன்னால் அங்கே ஒரு பூஜ்யம் இடம் மாறியிருக்கிறது. உங்கள் தலையிலோ, அவர் வாயிலோ.

ரூபாயிலிருந்து டாங்குக்கு: பேரத்துக்கான கணக்கு

இதுவரை சொன்னது விலையைப் பார்த்து ரூபாயாக்குவது. பேரம் பேசும்போது அது போதாது. அவர் 650 என்கிறார், நீங்கள் மனசுக்குள் 2,275 ரூபாய் என்கிறீர்கள். அவர் 550 என்கிறார், நீங்கள் மறுபடி கணக்குப் போட ஆரம்பிக்கிறீர்கள். அதற்குள் அவர் 500க்குப் போய், பையை மடித்து உங்கள் கையில் வைத்துவிட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓடிக்கொண்டே இருந்தால் பேரம் அவர் கையில்தான்.

அதனால் கடைக்குள் நுழைவதற்கு முன்னாடி ஒரே ஒரு முறை, எதிர்த்திசையில் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் இதற்கு எவ்வளவு கொடுப்பேன்? அதை டாங்காக மாற்று. முறை இதுதான்: ரூபாயில் ஒரு பூஜ்யத்தை வெட்டு, மூன்றால் பெருக்கு, அதில் இருபதில் ஒரு பங்கைக் குறை. வருவது எத்தனை ஆயிரம் டாங் என்பது.

எங்கள் அண்ணியோடு பென் தான் சந்தைக்குப் போனபோது இதை நேரில் பார்த்தேன். சைகோன் என்று இன்னமும் எல்லாரும் சொல்கிற அந்த ஊரின் நடுவில் இருக்கிற பழைய சந்தை. அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே வாழ்ந்த தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நாங்கள் முதலில் அங்கே போய்விட்டுத்தான் சந்தைக்கு வந்தோம். அண்ணிக்கு ஒரு முதுகுப்பை வேண்டும், பையனுக்கு. ஊரில் ஆயிரத்து நூறு ரூபாய் வரை கொடுப்பேன் என்றார். கோயில் வாசலிலேயே கணக்கை முடித்தோம். ஒரு பூஜ்யம் வெட்டினால் 110, மூன்று மடங்கு 330, அதில் இருபதில் ஒரு பங்கு பதினாறு, பதினேழு. 313 வருகிறது. "அண்ணி, முந்நூத்திப் பத்துக்கு மேல போகாதீங்க" என்றேன். "முந்நூத்திப் பத்தா, அவ்வளவுதானா ஞாபகம் வெச்சுக்கணும்?" என்றார். அவ்வளவேதான். அதற்குப் பிறகு ரூபாய் என்ற பேச்சே இல்லை.

கடைக்கார அம்மா கால்குலேட்டரில் 650 தட்டினார். அண்ணி 200 தட்டினார். அந்த அம்மா சிரித்துவிட்டு 550 தட்டி, ஒரு லட்சம் குறைத்திருக்கிறேன் என்று விரலைக் காட்டினார். லட்சம் என்றதும் நமக்கு உள்ளே ஏதோ இளகும். ஆனால் அண்ணியின் பர்ஸில் லட்சத்துக்குப் பேர் முந்நூற்றைம்பது ரூபாய். அதனால் அசரவில்லை. 250 தட்டினார். அங்கிருந்து 450, இங்கிருந்து 280, அங்கிருந்து 380. அண்ணி பையை வைத்துவிட்டு நகர்ந்தார். நாலு அடி போனதும் பின்னாலிருந்து குரல், கால்குலேட்டரில் 320. அண்ணி திரும்பி வந்து 310 தட்டினார். முடிந்தது. 155 ஏழு 1,085 ரூபாய்.

இதில் கடைசி 320க்கும் 310க்கும் இடையில் அண்ணி பேசியது முப்பத்தைந்து ரூபாய்க்கு. அதற்கு அவர் பேசலாம், பழக்கம் அப்படி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, கால்குலேட்டரில் பத்து மாறினால் நம் ஊரில் ஒரு டீயும் வடையும் மாறுகிறது என்பதை. பத்தாயிரம், இருபதாயிரம் என்று கேட்கும்போது இருக்கிற பதற்றம் அதனால்தான் தேவையில்லை. மற்றபடி, முதல் விலையில் பாதிக்குக் கேள், மூன்றில் ஒரு பங்குக்குக் கேள் என்று இணையத்தில் சொல்கிற சூத்திரங்களை நான் நம்புவதில்லை. முதல் விலை என்பது கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற எண். அதிலிருந்து ஆரம்பித்தால் அவர் போட்ட கோட்டில்தான் ஓடுவீர்கள். உங்கள் எண் உங்கள் ஊரிலிருந்து வர வேண்டும்.

கார்டு எந்திரம் கேட்கிற கேள்வி

பேரமில்லாத கடைகளில், மால்களில், கார்டைக் கொடுக்கும்போது எந்திரத்தில் ஒரு கேள்வி வரலாம். `VND` அல்லது `INR`, எதில் வாங்கிக்கொள்ளட்டும்? ரூபாயில் தொகை பளிச்சென்று தெரிவதால் பலர் அதைத் தொட்டுவிடுகிறார்கள். அந்த ரூபாய்த் தொகையைக் கணக்குப் போடுவது உங்கள் வங்கி இல்லை. அந்தக் கடையின் எந்திரத்துக்குப் பின்னால் இருக்கிற நிறுவனம், தன் லாபத்தைச் சேர்த்துப் போடுகிற கணக்கு.

இங்கேதான் நம் சாவி காவல்காரன் வேலை செய்கிறது. பில் 12 லட்சம் டாங். திரையில் ரூபாய் 4,550 என்று இருக்கிறது. மனசில் 1,200, பாதி 600, ஏழு மடங்கு 4,200. மூன்றரை என்பதிலேயே உங்கள் கார்டு கட்டணம் அடக்கம். அதற்கு மேலும் 350 ரூபாய் எங்கிருந்து வந்தது? டாங்கைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் தானாகவே ரூபாயை அழுத்திவிட்டால், ரத்து செய்துவிட்டு மறுபடி போடச் சொல்லலாம். தயங்காமல் சொல்லுங்கள், இது அவர்களுக்குப் புதுசு இல்லை.

சாவி இன்னமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வங்கியின் எஸ்எம்எஸ் உதவும். முதல் நாள் ஆறு லட்சம் டாங் தேய்த்தீர்கள். சாவி சொல்வது 2,100. எஸ்எம்எஸ்ஸில் 2,080 என்று வந்தால் எல்லாம் சரி. 2,250 என்று வந்தால் நாணய விலை நகர்ந்திருக்கிறது, அல்லது உங்கள் கார்டு நினைத்ததைவிடக் கூடுதலாகப் பிடிக்கிறது. அப்போது மூன்றே முக்காலுக்கு மாறிக்கொள்ளுங்கள். நாலு மடங்கிலிருந்து மூல எண்ணின் கால் பங்கைக் கழித்தால் அதுதான். 2,000 என்று குறைவாக வந்தாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். சில வங்கிகள் அந்த மூன்றரை சதவீதத்தைத் தனி வரியாக மாதக் கணக்கில்தான் போடும்.

எங்கே இந்த மனக்கணக்கை நிறுத்த வேண்டும்? எனக்கு எல்லை ஐயாயிரம் ரூபாய். அதற்கு மேல் போனால் ஓரமாக உட்கார்ந்து போனை எடுத்து அன்றைய விலையில் சரியாகப் போட்டுவிடுவேன். நூறு ரூபாய்ப் பொருளில் மூன்று சதவீதம் மூன்று ரூபாய். எண்பதாயிரம் ரூபாய் மடிக்கணினியில் அது 2,400.

மற்ற நாடுகளுக்கு இதே பாணியில்

சாவி செய்கிற முறை எங்கேயும் ஒன்றுதான். செயலி விலையை எடு, கார்டுக்கோ நாணய மாற்றுக்கோ நாலு சதவீதம் ஏற்று, அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கிற சுலபமான எண்ணைப் பிடி.

தாய்லாந்து பாத் செயலியில் 2 ரூபாய் 60 காசு என்று வைத்துக்கொண்டால், ஏற்றினால் 2.70. பக்கத்தில் இருக்கிற வசதியான எண் 2.75. ரெண்டரையோடு கால். 380 பாத்துக்கு: இரண்டு மடங்கு 760, பாதி 190, சேர்த்து 950, அதோடு அந்தப் பாதியில் பாதி 95. ஆயிரத்து நாற்பத்தைந்து. சின்னச் சாமானுக்கு வெறும் மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை, கொஞ்சம் பயந்து செலவு செய்வீர்கள்.

சிங்கப்பூர் டாலர் 66 ரூபாய் என்றால், ஏற்றினால் 68 சொச்சம். சாவி 70. மறுபடியும் நம் ஏழாம் வாய்ப்பாடே. ஆனால் அங்கே வேறொரு பொறி இருக்கிறது. உணவகங்களில் மெனுவின் அடியில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். அப்படியென்றால் பத்து சதவீத சேவைக் கட்டணமும், அதன் மேல் ஒன்பது சதவீத ஜிஎஸ்டியும் பில்லில் சேரும். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 20 சதவீதம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 18.90 என்று போட்ட பிரியாணியை 19 என்று எடுத்து, ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 23 டாலர். அதை எழுபதால் பெருக்க 1,610 ரூபாய். கூட்டல் குறியைக் கவனிக்காதவருக்கு அது 1,330 ரூபாய் பிரியாணியாகத் தெரியும். ஹாக்கர் சென்டர் கடைகளில் பொதுவாக அந்தக் குறிகள் இல்லை. பலகையில் போட்ட விலையேதான் கொடுக்கிற விலை.

இந்தோனேசிய ருப்பையாவுக்கும் இதேபோல் சாவி வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கேயும் மூன்று பூஜ்யத்தை வெட்டுங்கள், அங்கேயும் ஆயிரத்துக்குப் புள்ளிதான் வைப்பார்கள். பெருக்குகிற எண் மட்டும் வேறு. டிக்கெட் போடுகிற வாரத்தில் விலையைப் பார்த்து, மேலே சொன்ன மாதிரி நாலு சதவீதம் ஏற்றி நீங்களே செய்து பாருங்கள். என்ன எண் வந்தது என்று எனக்குக் குரல் செய்தி அனுப்புங்கள், அடுத்த அத்தியாயத்தில் சரிபார்த்துச் சொல்கிறேன்.